1% செலவு விகிதம் அவ்வளவு பெரிய விஷயமா?

“ஒரே மியூச்சுவல் ஃபண்டில் ஆண்டுச் செலவு விகிதம், முகவர் மூலம் வாங்கும் ரெகுலருக்கு 1.8%, நேரடியாக வாங்கும் டைரக்டுக்கு 0.8% என்று இருக்கிறது. இந்த 1% 20 வருடத்தில் எவ்வளவு ஆகும்?”

10 லட்சம் மொத்தமாகப் போடுகிறீர்கள், செலவு போக டைரக்டில் ஆண்டுக்கு 12%, ரெகுலரில் 11% நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம் (நிச்சயமில்லை, கணக்குக்குத்தான்). 20 வருடத்தில் முதலாவது சுமார் 96.5 லட்சம், இரண்டாவது 80.6 லட்சம். கிட்டத்தட்ட 16 லட்சம், அதாவது போட்ட முதலைவிட அதிகம், போய்விடுகிறது.

இதற்கு யாரும் பில் அனுப்புவதில்லை, தினமும் ஒரு யூனிட்டின் மதிப்பான என்ஏவியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துவிடுவதால் கண்ணில் படாது. வெளியிடப்படும் வருமானம் செலவு கழித்த பிறகு வருவதுதான், மறுபடி கழிக்காதீர்கள். அப்புறம், குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டையும் சிறிய நிறுவனப் பங்குகளில் போடும் ஸ்மால் கேப்பையும் செலவு விகிதத்தில் ஒப்பிடுவது வீண். இரண்டு நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டுகளை ஒப்பிடுங்கள், இருப்பது அதே பங்குகள் என்பதால் வித்தியாசம் பெரும்பாலும் செலவுதான்.