கிட் சேவை: கிட்ஹப் போதுமா, சொந்த சர்வர் வேண்டுமா?

தொண்டு நிறுவனத்தில் எட்டுப் பேர் இருக்கிறோம். பழைய கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் ஃபோர்ஜோ என்ற கிட் சர்வர் மென்பொருளைப் போட்டால் எல்லாம் இலவசம்தானே?

மென்பொருள் இலவசம்தான். ஆனால் வெளியிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரை எட்ட வேண்டுமே. வீட்டு, அலுவலக பிராட்பேண்டில் பல இடங்களில் உங்களுக்கென்று தனி ஐபி முகவரி கிடைக்காது; ரூட்டரில் போர்ட் திறந்தும் பயனிருக்காது. அப்புறம் கரண்ட் போகும், அப்டேட் வரும். அதைப் பார்ப்பவர் ஊருக்குப் போனால்?

கிட்ஹப்பில் 2020 முதல் இலவசக் கணக்கிலேயே தனியார் ரெப்போவில் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்கலாம். கிட்லாப் டாட் காமின் இலவசத் திட்டத்தில் தனியார் குழுவுக்கு ஐந்து பேர்தான், உங்களுக்குப் பற்றாது. கிட்ஹப்பில் ஆர்கனைசேஷன் தொடங்கி, இரண்டு பேரை ஓனராக வையுங்கள். ஒருவர் விலகினாலும் சாவி கையில் இருக்கும்.

ஏழாம் வகுப்புக்கு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு கிட்ஹப் கணக்கு தொடங்கலாமா சார்?

கூடாது டீச்சர். அவர்கள் விதிப்படி 13 வயது நிறைந்திருக்க வேண்டும். உங்களுக்குத்தான் சொந்த சர்வர் பொருந்தும், அதுவும் லேப் நெட்வொர்க்குக்குள் மட்டும். இணையத்தில் திறக்காததால் மேலே சொன்ன ஐபி தொல்லை இல்லை. 4 ஜிபி ரேம் உள்ள பழைய மெஷினில் ஃபோர்ஜோவும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸும் தாராளமாக ஓடும். கிட்லாபை அதில் ஏற்றாதீர்கள், மூச்சு முட்டும். ஃபோர்ஜோவின் `app.ini` கோப்பில் இதைச் சேர்த்து, அதை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, கணக்குகளை நீங்களே உருவாக்குங்கள்:

```
[service]
DISABLE_REGISTRATION = true
```

இல்லாவிட்டால் ஒரே பையன் நான்கு சினிமா நடிகர் பெயரில் வந்து நிற்பான்.

கிட்ஹப்பில் வைத்தால் பேக்கப் தேவையில்லை. அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

பாதி சரி. அவர்கள் டிஸ்க் கெட்டால் பார்த்துக்கொள்வார்கள். உங்கள் ஆள் ரெப்போவை அழித்தாலோ, கணக்கு முடங்கினாலோ அது உங்கள் பாடு. ஒரு டிஸ்க்கில் நகல் எடுங்கள்:

```
git clone --mirror ரெப்போ-முகவரி
```

பிறகு வாரம் ஒருமுறை அந்த ஃபோல்டருக்குள் `git remote update` போதும். `--prune` சேர்க்காதீர்கள், அங்கே அழிந்த கிளை இங்கேயும் அழியும். இஷ்யூக்கள் இந்த நகலில் வராது.

130 எம்பி ஆண்டுவிழா வீடியோ ஏறவில்லை. சொந்த சர்வரில் ஏறுமா?

ஏறும். கிட்ஹப்தான் 100 எம்பிக்கு மேல் ஒரு கோப்பைத் தடுக்கிறது. ஆனால் வீடியோவுக்கு கிட் எதற்கு? மாற்றி மாற்றி ஏற்றினால் ஒவ்வொரு பதிப்பும் உள்ளேயே தங்கும். கூகுள் டிரைவில் போட்டு இணைப்பை மட்டும் வையுங்கள். அந்த கமிட்டையும் நீக்குங்கள். கோப்பை மட்டும் அழித்தால் வரலாற்றில் மிஞ்சி, புஷ் மறுபடி நிற்கும்.

லேப் சர்வரைப் பிள்ளைகள் விடுமுறையில் வீட்டிலிருந்து திறக்க வேண்டும் என்றால்?

டீச்சர், அப்போது முதல் கேள்வியின் தொல்லையெல்லாம் திரும்பி வரும். விபிஎன் போடலாம், ஒவ்வொரு வீட்டிலும் அதை நிறுவித் தருவது யார்? பென்டிரைவில் க்ளோன் கொடுத்தனுப்பி, பள்ளி திறந்ததும் புஷ் செய்யச் சொல்லும் பள்ளியும் உண்டு. வேறு வழி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.