மூன்று இலட்சம் கட்டினால் எத்தனை தவணை குறையும்?

வணக்கம் சேர். எங்கள் உவர்மலை வீட்டுக்கு எடுத்த வங்கிக் கடன் 20 இலட்சம், ஆண்டு வட்டி 12 வீதம், 120 மாதம், மாதத்துக்கு 28,694 ரூபாய். 36 தவணை கட்டியாச்சு. நிலாவெளிக் காணி விற்ற காசில் 3 இலட்சம் மிச்சம் இருக்கிறது. அதைக் கடனில் போட்டால் பத்துத் தவணை குறையும் என்று நான் வகுத்துப் பார்த்தேன். வங்கியில் 21க்கு மேல் குறையும் என்கிறார்கள். மகள், இதை மடக்கை போட்டுத்தான் பார்க்க வேண்டும் என்கிறாள். எப்படி என்று விளக்குவீர்களா?
– ஒரு வாசகி, திருகோணமலை

வணக்கம் அம்மா. வங்கி சொன்னது சரி, மகள் சொன்னதும் சரி.

நீங்கள் 3 இலட்சத்தை 28,694ஆல் வகுத்திருக்கிறீர்கள், 10.46 வரும். எல்லாத் தவணைக்கும் இன்றைக்கு ஒரே விலை என்று எடுத்துக்கொண்டதால் வந்த விடை அது. அடுத்த மாதத் தவணையை இன்றே தீர்க்க 28,410 ரூபாய் வேண்டும். ஆனால் இன்னும் 84 மாதம் கழித்து வரப்போகிற கடைசித் தவணையை இன்றே தீர்க்க வெறும் 12,439 ரூபாய் போதும், ஏனென்றால் அந்தக் காசுக்கு மாதம் 1 வீத வட்டி 84 மாதம் சேர்ந்தால் அது 28,694 ஆகிவிடும். அதற்கு முந்தின தவணைக்கு 12,564. இப்படியே பின்னாலிருந்து முன்னால் வந்தால் விலை மெல்ல மெல்ல ஏறும். உங்கள் 3 இலட்சம் இந்த மலிவான வால் பக்கத்தைத்தான் வெட்டுகிறது, அதனால்தான் பத்து இருபத்தொன்றாகிறது.

சரி, சரியாக எத்தனை? ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகலாம், கை வலிக்கும். நேர்வழி, மிஞ்சும் கடனிலிருந்து தொடங்குவது. 36 தவணைக்குப் பிறகு உங்கள் மீதிக் கடன் 1,625,481 ரூபாய் (வங்கியிடமும் கேட்டு ஒத்துப்பாருங்கள்). 3 இலட்சம் போனால் 1,325,481. தவணை அதே 28,694. இந்தக் கடனை இந்தத் தவணை எத்தனை மாதத்தில் தீர்க்கும் என்பதுதான் கேள்வி. மீதிக் கடனை B, தவணையை A, மாத வட்டியை r, தேடுகிற எண்ணிக்கையை n என்று வைத்தால், இனி வரும் தவணைகளின் இன்றைய விலைகளைக் கூட்டியது B ஆக இருக்க வேண்டும்:

```
B = (A / r) * (1 - (1 + r)^(-n))
```

தெரியாத n அடுக்கில் போய் உட்கார்ந்திருக்கிறது. கூட்டியோ வகுத்தோ அதைக் கீழே இறக்க முடியாது, அதற்குத்தான் மடக்கை:

```
n = -ln(1 - B*r/A) / ln(1 + r)
```

இதில் B*r என்பது முதல் மாத வட்டி, 13,255 ரூபாய். தவணையில் அது எத்தனை பங்கு என்று பாருங்கள்: 13,255 / 28,694 = 0.4619. ஒன்றிலிருந்து கழித்தால் 0.5381, அதாவது முதல் மாதத்தில் தவணையின் 54 வீதம் கடனைக் குறைக்கப் போகிறது. அந்த எண்ணின் மடக்கை -0.6198, 1.01இன் மடக்கை 0.00995. குறியை மாற்றி வகுத்தால் 62.29. முன்பு 84, இப்போது 62.29, அதாவது 21.7 தவணை குறைகிறது.

ஃபோன் கணிப்பானைப் படுக்கையாகத் திருப்பினால் பெரும்பாலும் ln, log இரண்டும் வரும். எதைப் போட்டாலும் விடை ஒன்றுதான், ஆனால் மேலும் கீழும் ஒரே பொத்தானாக இருக்க வேண்டும். பள்ளிக்கூட மடக்கை அட்டவணையைத் தூசி தட்ட வேண்டாம், அதில் 1.01க்கு 0.0043 என்றுதான் இருக்கும், அந்த இரண்டு இலக்கத்தை வைத்து வகுத்தால் 62.6 என்று வரும். r இடத்தில் 12 வீதத்தைப் போடுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு, மாதத்துக்கு 0.01தான் போட வேண்டும்.

62.29க்கு என்ன பொருள்? 62 முழுத் தவணை, 63ஆவது மாதம் ஒரு துண்டுத் தவணை. அது ஏறக்குறைய 8,260 ரூபாய். 0.29ஐத் தவணையால் பெருக்கினால் வருகிற தொகைக்குக் கிட்ட இருக்கும், ஆனால் அதுவே இல்லை.

காசாகப் பார்த்தால், முன்கூட்டி எதுவும் கட்டாவிட்டால் இனி நீங்கள் கட்டப்போவது ஏறக்குறைய 2,410,300 ரூபாய். இப்போது 3 இலட்சத்தையும் சேர்த்து 2,087,300. மூன்று இலட்சத்து இருபத்து மூவாயிரம் வட்டி மிச்சம். ஆனால் இது தவணையை மாற்றாமல் விட்டால் மட்டும்தான். சில இடங்களில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் 84 மாதத்தை அப்படியே வைத்துத் தவணையை 23,398 ஆக இறக்கிவிடுவார்கள். கேட்கச் சந்தோஷமாக இருக்கும், வட்டி மிச்சமோ ஒன்றரை இலட்சத்துக்கும் கொஞ்சம் குறைவு. எனவே "தவணைத் தொகை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள்.

இன்னொரு வில்லங்கமும் உண்டு. அந்த 3 இலட்சத்தைக் கடனில் கழிக்காமல், வரப்போகிற தவணைகளுக்கு முற்பணமாக வைத்துவிடலாம். அப்போதுதான் உங்கள் பத்து வரும்: பத்து மாதம் கட்டத் தேவையில்லை, ஆனால் கடன் முடிகிற நாள் நகரவே நகராது. கண்டுபிடிப்பது சுலபம். கட்டிய அடுத்த மாத அறிக்கையில் வட்டி என்று எவ்வளவு பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தவணை நாளிலேயே கட்டியிருந்தால் அது 13,255 ஆக இருக்க வேண்டும். 16,255 என்று இருந்தால் காசு கடனுக்குள் போகவில்லை, அன்றைக்கே முகாமையாளரிடம் போய்க் கேளுங்கள்.

இந்தச் சூத்திரம் வட்டி மாறாத, மீதிக் கடன் மேல் வட்டி போடுகிற கடனுக்குத்தான். தொடக்கத் தொகைக்கே கடைசிவரை வட்டி போடுகிற கடனுக்குப் பொருந்தாது. வட்டி மாறுகிற கடனாக இருந்தால் மாறும்போதெல்லாம் புதிய r போட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும், சிலசமயம் கணிப்பான் பிழை என்றே காட்டும். நீங்கள் 3 இலட்சம் கட்டுவதற்கு முந்தின மீதியையே எடுங்கள்: 16 இலட்சத்து 25 ஆயிரத்துக்கு 28,694 தவணை. ஆண்டு வட்டி 21.2 வீதத்தைத் தொட்டால் முழுத் தவணையும் வட்டிக்கே போய்விடும், B*r/A ஒன்றாகிவிடும், பூச்சியத்துக்கு மடக்கை கிடையாது. கணிதம் அடம்பிடிக்கவில்லை, அந்தக் கடன் எந்த மாதத்திலும் தீராது என்பதைத்தான் அப்படிச் சொல்கிறது. கற்பனை என்று நினைக்க வேண்டாம், 2022இன் கடைசியில் இலங்கை வங்கிகளின் சராசரி முதன்மைக் கடன் வீதம், அதாவது நம்பகமான வாடிக்கையாளர்களிடம் அவை வாங்குகிற வட்டி, 25 வீதத்தைத் தாண்டியது. அந்த வீதத்தோடு சேர்ந்து மாறுகிற இதுபோன்ற கடன்களில் தவணையை ஏற்றாமல் விட்டிருந்தால் மீதி குறைவதற்குப் பதில் கூடியிருக்கும்.

அப்புறம், முன்கூட்டிக் கட்டுவதற்குக் கட்டணம் உண்டா என்று உங்கள் ஒப்பந்தத்தில் பாருங்கள். உதாரணத்துக்கு 3 வீதம் என்றால் 9,000 ரூபாய், அதை 3 இலட்சத்துக்கு உள்ளேயே பிடித்தால் B இல் 291,000தான் கழியும். B ஐ மாற்றி மகளையே ஒருமுறை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், 63க்குக் கொஞ்சம் கீழே வர வேண்டும்.