கோணல் என்றாளாம்

வணக்கம்.

எனக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. மாமியார் ஒருநாள்கூடக் குரலை உயர்த்தியதில்லை. ஆனால் நான் ஏதாவது சொதப்பினால் யாரையோ சொல்வதுபோல ஒரு பழமொழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார். கொல்லையில் கறிவேப்பிலை மரம் இருப்பதை மறந்து, போன வாரம் கணவரைக் கடைக்கு அனுப்பினேன். மடியில் இருந்த பேரனிடம், "கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சாளாம்டா தங்கம்" என்றார். "என்னையா சொல்றீங்க அத்தை?" என்று கேட்டேன். "உன்னை ஏம்மா சொல்லப்போறேன், பிள்ளைக்குக் கதை சொன்னேன்" என்கிறார். திட்டினால் பதில் பேசலாம். இது திட்டா, இல்லையா? இதற்கு என்னதான் செய்வது?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

திட்டுதான், சந்தேகமே வேண்டாம். நீங்கள் மாட்டிக்கொண்டது "என்னையா?" என்று கேட்ட இடத்தில்.

"அலைஞ்சாளாம்" என்பதன் வாலில் ஓர் "ஆம்" இருக்கிறதே, அதைப் பாருங்கள். "அவர் ஊருக்குப் போயிட்டாராம்" என்று சொல்லும்போது வருகிற அதே ஆம். நான் பார்க்கவில்லை, யாரோ சொன்னார்கள், கேட்டதைச் சொல்கிறேன், இவ்வளவும் அந்த இரண்டெழுத்தில் அடக்கம். நம்முடைய குத்தல் பழமொழிகளில் பாதி இந்த ஆமில்தான் முடிகின்றன. வெண்ணெயை வைத்துக்கொண்டு அலைந்தவளுக்குப் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. அந்தச் சட்டையை எடுத்து உங்கள் மாமியார் உங்களுக்குப் போட்டுவிடவில்லை. கொடியில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார். "இது என் அளவா?" என்று கேட்டு நீங்களே மாட்டிக்கொண்டீர்கள். அதற்கும் ஒரு பழமொழி உண்டு. அப்பனைத் தேடி ஆள் வந்தபோது, கேட்பதற்கு முன்பே "எங்கப்பன் குதிருக்குள்ள இல்லை" என்றானாம் மகன். உங்கள் மாமியார் நல்லவர், அதையும் சேர்த்துச் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

தொல்காப்பியம் வசையை இரண்டாகப் பிரிக்கிறது. நேராகச் சொன்னால் செம்பொருள் அங்கதம், மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. எங்கள் மதுரைப் பக்கத்தில் இரண்டாவதற்குச் சாடை பேசுவது என்று பெயர். இலக்கணம் படிக்காமலே எங்கள் அப்பத்தா அதில் கரைகண்டவள்.

ஒரு தீபாவளிக்கு முந்தின நாள். சித்தி எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. விறகடுப்பில் எண்ணெய் காய்கிறது, சித்தி முறுக்குப் பிழிகிறாள். அச்சிலிருந்து இறங்கும்போதே துண்டு துண்டாக அறுந்து விழுகிறது. நாங்கள் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து ஒடிந்ததையெல்லாம் காலி செய்துகொண்டிருந்தோம். நாலைந்து ஈடு போனதும் சித்தி, "இந்த அச்சு சரியில்ல. மில்லுக்காரனும் மாவ நறநறன்னு அரைச்சுவச்சிருக்கான்" என்றாள்.

அப்பத்தா நிலைப்படியில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. கையும் நிற்கவில்லை. காலடியில் கிடந்த பூனையைப் பார்த்து, "ஆடத் தெரியாதவ..." என்றாள். அவ்வளவுதான், வாக்கியத்தை முடிக்கவில்லை.

சித்தியின் கை அச்சின்மேல் ஒரு கணம் நின்றது. மிச்சத்தை யார் சொன்னது? சித்தியேதான், மனசுக்குள். கூடம் கோணல் என்றாளாம். பழமொழித் தொகுப்புகளில் இந்தச் சூட்சுமம் கிடைக்காது. பெர்சிவல் பாதிரியார் 1874-இல் வெளியிட்ட தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகள் உண்டு. புத்தகம் என்றால் முழுசாகத்தான் அச்சிட முடியும். வீட்டில் புழங்குவதோ முக்கால்வாசி நேரம் பாதிதான். சொல்கிறவர் வாசலைத் திறந்துவிடுகிறார், கேட்கிறவர் உள்ளே போய்த் தன்னைத்தானே திட்டிக்கொண்டு வருகிறார். நாங்கள் இத்தனை பேர் சுற்றி இருந்தோமே, ஒருவருக்கும் விளங்கவில்லை. பூனையைக் கொஞ்சுகிறாள் என்று நினைத்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீடு. கத்தியிருந்தால் "மருமகளுக்கு முறுக்குச் சுட வரல" என்பது சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்திருக்கும்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அப்பத்தா முறத்தை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். மாவை ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தாள். பிசைந்து வைத்த மாவை மூடாமல் விட்டதில், அடுப்புச் சூட்டில் மேலே வறண்டுபோயிருந்தது. கைநீர் தெளித்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிசைந்தாள். ஈரத்துணியைப் போட்டு மூடி, வேண்டிய அளவு மட்டும் எடுத்துப் பிழியச் சொன்னாள். முறுக்கு அறாமல் சுற்றி விழுந்தது. அச்சைப் பற்றியும் மில்லுக்காரனைப் பற்றியும் அதற்குப்பின் பேச்சே இல்லை. பழமொழி சித்தியின் சாக்குப்போக்கைத்தான் அடித்தது. மாவைச் சரிசெய்யக் கை வந்தது.

உங்கள் கேள்விக்கு இதில்தான் அளவுகோல் இருக்கிறது. கறிவேப்பிலை விஷயம் செய்த காரியத்தைப் பற்றியது. நாளைக்கே கொல்லைக்குப் போய் இரண்டு இணுக்குப் பறித்தால் அந்தப் பழமொழி செத்துவிடும். "மலடிக்குத் தெரியுமா பிள்ளைப்பேற்றின் அருமை" என்று பூனையைப் பார்த்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்கிறவள் எழுந்துபோய் எதைத் திருத்துவாள்? உடம்பு, நிறம், பிறப்பு, பிள்ளையில்லாமை, இவற்றைத் தொடும் பழமொழிகள் நம்மிடம் வண்டி வண்டியாக உண்டு. அதே ஆம், அதே பூனை, அதே மெல்லிய குரல். நான் அதைச் சாடை என்று ரசிக்க மாட்டேன். அங்கே மட்டும் "என்னையா சொன்னீங்க?" என்று நேருக்கு நேர் கேட்டுவிடுவதே சரி. மறைவில் நின்று எறிகிறவர்களை வெளியே இழுக்க வேறு வழி கிடையாது.

எரிச்சலூட்டும் இன்னொரு வகையும் இருக்கிறது, எதற்கெடுத்தாலும் பழமொழி. நாளுக்கு எட்டுத் தடவை சொன்னால் அது குத்தாது, கொசுக்கடி மாதிரி ஆகிவிடும். அப்பத்தா மாதத்துக்கு ஒன்றுதான் எடுப்பாள்.

இன்றைக்கு ஆயுதமே மழுங்கிக்கொண்டிருக்கிறது என்பது வேறு கதை. என் பெண்ணிடம் ஒருமுறை "ஆடத் தெரியாதவ..." என்று இழுத்துவிட்டுக் காத்திருந்தேன். "யாருப்பா? எந்த க்ளாஸ்?" என்றாள். முதல் பாதியைச் சொன்னால் மறு பாதி எதிராளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் விளக்கவுரை சொல்லித்தான் திட்ட முடியும், அதற்குக் கத்திவிடலாம்.

இனி, பதில் சொல்லும் விதம். "என்னையா?" வேண்டாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதும் வேண்டாம், அதுவும் சட்டையைப் போட்டுக்கொண்டதாகத்தான் அர்த்தம். காதில் விழாததுபோல இருங்கள், காத்திருங்கள்.

சித்தி மூன்று மாதம் காத்திருந்தாள். பொங்கல் கழிந்த ஒரு மத்தியானம், பரணிலிருந்து இறக்கும்போது அப்பத்தாவின் கை நழுவி ஊறுகாய் ஜாடி விழுந்து உடைந்தது. அவளுடைய அம்மா வீட்டுச் சீதனம். வீடே மூச்சு விடவில்லை. சித்தி விளக்குமாற்றை எடுத்துவந்து குனிந்து பெருக்கினாள். எங்கள் பக்கம் திரும்பி, "தள்ளி நில்லுங்கடா, கால்ல குத்தீரும்" என்றாள். பிறகு அதே மூச்சில், "மாமியா ஒடச்சா மண்கொடம்..." என்று நிறுத்தினாள்.

அப்பத்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். தண்டட்டி ஆட ஆடச் சிரித்தாள். "மிச்சத்தையும் சொல்லிரு ஆத்தா" என்றாள்.

"எத அத்த? நான் புள்ளைகளுக்குல்ல சொன்னேன்" என்றபடி சித்தி சில்லுகளை முறத்தில் அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.