பரிசு பார்சலில் விலை போடாமல் பில் அனுப்ப முடியுமா?

கேள்வி: கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். புதுச்சேரி லாஸ்பேட்டையில் என் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஆன்லைனில் மிக்ஸி ஆர்டர் பண்ணி நேராக அவங்க வீட்டுக்கே அனுப்பலாம் என்று இருக்கிறேன். போன வருஷம் இப்படி அனுப்பினதில் பில்லும் பெட்டிக்குள்ளேயே போய், விலையைப் பார்த்துவிட்டு ஒரே பேச்சு. இந்தத் தடவை விலை இல்லாத பில் போடச் சொன்னால், சட்டப்படி அப்படிப் போட முடியாது என்கிறார் விற்பவர். உண்மையா?
— வாசகி, கடலூர்

பதில்: அவர் சொல்வதில் பாதி சரி. விலை இல்லாமல் பில் போட முடியாதுதான். ஜிஎஸ்டி விதி 46-இல், பில்லில் என்னென்ன இருக்கணும் என்று பட்டியலே இருக்கிறது. பொருளின் மதிப்பு, வரி விகிதம், வரித் தொகை எல்லாம் அதில் வருகிறது. அதனால் மேலே 'Tax Invoice' என்று போட்டுவிட்டு விலையை மட்டும் காலியாக விடுங்கள் என்று கேட்டால் எந்த ஒழுங்கான விற்பனையாளரும் மறுப்பார், மறுக்கவும் வேண்டும்.

ஆனால் அந்தப் பில் யாருக்குச் சேர வேண்டியது என்று பாருங்கள். பொருளைப் பெறுபவர் என்று ஜிஎஸ்டி சட்டம் சொல்வது பணம் கொடுக்கக் கடமைப்பட்டவரைத்தான், பெட்டியை வாசலில் வாங்கிக்கொள்பவரை இல்லை. அதாவது பில் உங்களுக்கு, மிக்ஸி உங்கள் நாத்தனாருக்கு. டெலிவரி முகவரி என்று பில்லில் லாஸ்பேட்டை வரும், அது வேறு விஷயம். நீங்கள் தமிழ்நாட்டில் இருந்து ஆர்டர் போட்டாலும் பொருள் புதுச்சேரிக்குப் போகிறது, வரிக்கணக்குக்கு அந்த முகவரி தேவை.

விற்பவர் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். சரக்கு வழியில் போகும்போது பில்லின் பிரதி ஒன்று அதோடு போகணும் என்று விதி 55ஏ சொல்கிறது. அதற்காகத்தான் பார்சலின் மேலே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறையில் பில்லை மடித்து ஒட்டுகிறார்கள், சிலர் சோம்பலில் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுகிறார்கள். அந்த விதி பேசுவது போக்குவரத்தைப் பற்றி. பெட்டியைத் திறந்ததும் பரிசு வாங்குபவர் கண்ணில் படுகிற மாதிரி பில்லை வைக்கணும் என்று அதில் எதுவும் இல்லை.

சரி, இப்போது என்ன செய்யலாம்? பெரிய தளங்களில் வாங்கினால் பணம் கட்டும் பக்கத்தில் "This will be a gift" என்றோ 'Gift options' என்றோ ஒரு தேர்வு இருக்கும். எல்லாப் பொருளுக்கும் வராது. தளத்தின் சொந்தக் கிடங்கிலிருந்து போகிற பொருளுக்கு வரும், வெளி விற்பனையாளர் நேரடியாக அனுப்புவதற்குப் பெரும்பாலும் வராது. அந்தத் தேர்வைப் போட்டுவிட்டு, பேக்கிங் சீட்டில் விலை வராது என்று அங்கேயே எழுதியிருக்கிறதா என்று படித்துவிடுங்கள். வெறும் வாழ்த்து அட்டையையும் கலர் பேப்பரையும் மட்டும் 'கிஃப்ட்' என்று விற்கிற இடங்களும் இருக்கின்றன, அதில் பில் பழையபடி உள்ளேயே போகும்.

உங்கள் விற்பனையாளர் மாதிரி சின்னக் கடைக்கு இப்படி ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: "பில் என் பெயரில், கடலூர் முகவரிக்குப் போடுங்கள், பிடிஎஃப் எனக்கு மெயிலில் வேண்டும். டெலிவரி முகவரி லாஸ்பேட்டை. கூரியருக்கு வேண்டிய பில் பிரதியை, உள்ளே தெரியாத கவரில் ஒட்டி மூடி, மேலே 'பில் – வாங்கியவருக்கு' என்று என் பெயரோடு எழுதி, பார்சலின் வெளியே ஒட்டுங்கள். பெட்டிக்குள் பொருளின் பெயர், எண்ணிக்கை, ஆர்டர் எண், என் வாழ்த்து இவ்வளவும் உள்ள ஒரு சீட்டு போதும்." விலை இல்லாத பில் வேண்டும் என்று கேட்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்கிறது, இதில் அவருக்குச் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. முடிந்தால் பேக் பண்ணுவதற்கு முன்னால் ஒரு போட்டோ கேளுங்கள்.

மூடின கவரையும் நாத்தனார் பிரிக்கத்தான் பிரிப்பார் என்று உங்களுக்குத் தோன்றினால், கடலூருக்கே வரவழைத்து, பில்லை எடுத்துவிட்டு, புதுச்சேரி போகிற யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். இதைவிட நிச்சயமான வழி கிடையாது.

முன்பணம் கட்டி ஆர்டர் போடுங்கள். கேஷ் ஆன் டெலிவரி என்றால் வசூலிக்க வேண்டிய தொகை பார்சல் லேபிளிலேயே அச்சாகி வரும், கேட்பதும் அவங்களிடம்தான். எம்ஆர்பியை மட்டும் யாராலும் மறைக்க முடியாது. பேக் செய்த பொருளில் அதை அச்சிட வேண்டும், விற்பவர் அதை அழிக்கவோ திருத்தவோ கூடாது என்று 2011-ஆம் ஆண்டின் எடையளவு விதிகள் சொல்கின்றன. ஆகவே மிக்ஸி பெட்டியின் பக்கவாட்டில் அது இருக்கத்தான் செய்யும். இது உங்களுக்குக் கெடுதல் இல்லை. உதாரணத்துக்கு எம்ஆர்பி 6,000 என்று போட்ட மிக்ஸியை நீங்கள் 3,600-க்கு வாங்கியிருக்கலாம், அவங்க கண்ணில் படுவது 6,000தான். போன வருஷம் பேச்சு வந்தது தள்ளுபடி போக மிச்சம் பில்லில் நின்ற தொகையைப் பார்த்துத்தான் என்றால், இனி அதற்கு வழி இல்லை.

நான் உண்மையில் கவலைப்படுவது வேறு ஒன்றுக்கு. கிரகப்பிரவேசத்தில் வருகிற பெட்டிகளை யாரும் அன்றைக்கே பிரிப்பதில்லை. பால் காய்ச்சி, சொந்தக்காரங்க எல்லாம் ஊர் திரும்பி, சாமான் ஏறக்கட்டி முடிப்பதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். ஜாரில் விரிசல் இருந்தால் அப்போதுதான் தெரியும், ஆனால் பல இடங்களில் மாற்றித் தர ஏழு நாள்தான் தருகிறார்கள், அதையும் ஆர்டர் போட்ட உங்கள் கணக்கிலிருந்துதான் கேட்கணும். பணம் திரும்பி வந்தாலும் உங்களுக்கே வரும். அதனால் விசேஷத்துக்கு ரொம்ப முன்னாடி போய்ச் சேருகிற மாதிரி ஆர்டர் போடாதீர்கள். வாழ்த்துச் சீட்டிலேயே, "வந்த அன்னைக்கே பிரிச்சு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க அண்ணி, ஏதாவது இருந்தா உடனே சொல்லுங்க" என்று எழுதிவிடுங்கள். பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்துவைத்தால் உடைசல் விஷயத்தில் வாதம் வராது.

வாரண்டிக்கு பில் கட்டாயம் கேட்பார்கள், வாங்கிய தேதிக்கு அதுதான் ஆதாரம். பிடிஎஃப்பை இறக்கி மெயிலில் ஒன்று, போனில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் 'Your Orders' பக்கத்தில் கிடைக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள், சின்னக் கடை மூடிவிட்டால் ஒன்றும் கிடைக்காது. மிக்ஸிக்கு அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் அவங்களிடம் போட்டோவாக வாங்கி அதோடு சேர்த்துவிடுங்கள். பழுது வந்தால் கம்பெனி சர்வீஸுக்கு நீங்களே போன் போட்டு, லாஸ்பேட்டை முகவரியைக் கொடுத்து, பில்லை நேராக அவர்களுக்கே அனுப்பிவிடலாம், நாத்தனார் வழியாகப் போக வேண்டியதில்லை. "பில்லில் வேறு பெயர் இருக்கிறதே" என்று அவர்கள் இழுத்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துகிறவரும் நுகர்வோர்தான் என்று சொல்லியிருப்பதை எடுத்துச் சொல்லுங்கள். அப்போதும் மசியவில்லை என்றால் 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண், நீங்களோ அவங்களோ யார் வேண்டுமானாலும் அழைக்கலாம்.