எல்லையைத் தொகையீட்டுக்குள் எப்போது நகர்த்தலாம்? – கேள்வி பதில்

ரியல் அனாலிசிஸ் நடத்தி வருகிறேன். தொடர்முறையின் எல்லையும் தொகையீடும் இடம் மாறுவது பற்றி மட்டும் கேளுங்கள். தேர்வுக்கு எது முக்கியம் என்று கேட்டால் பதில் வராது.

"f_n(x) = 2n x e^(−n x²), இடைவெளி [0,1]. எந்த x எடுத்தாலும் 0-க்குத்தான் போகிறது. அப்படியானால் தொகையீடும் 0-க்குத்தானே போகணும்? விடையில் 1 என்று இருக்கிறது மேடம்." – பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு

விடை சரிதான். −e^(−n x²)-ஐ வகையிட்டால் இந்தச் சார்பே வந்துவிடும். அதனால் தொகையீடு 1 − e^(−n), அது 1-க்குப் போகிறது.

நீங்கள் x-ஐ ஆணி அடித்து நிறுத்திவிட்டு n-ஐ மட்டும் ஓட விட்டீர்கள். வரைபடம் போட்டுப் பாருங்கள், ஒரு மேடு தெரியும். அதன் உச்சி x = 1/√(2n)-ல் இருக்கும். n = 50 என்றால் உச்சி 0.1-ல், உயரம் ஏறக்குறைய 6.07. n = 5000 என்றால் உச்சி 0.01-ல், உயரம் 60.7. மேடு ஒல்லியாகிக்கொண்டே 0-வை நோக்கி நகர்கிறது, அதே வேகத்தில் உயர்கிறது. எந்த x-ஐக் கேட்டாலும் "மேடு என்னைத் தாண்டிப் போய்விட்டது" என்றுதான் சொல்லும், அது உண்மையும்கூட. ஆனால் 0-வுக்கும் அந்த x-க்கும் நடுவில் மேடு முழுப் பரப்போடு நிற்கிறது. தொகையீடு எல்லா x-ஐயும் ஒரே நேரத்தில் பார்க்கிறது, அதனிடமிருந்து மேடு தப்பாது.

"நான் கணினியில் 0.1 இடைவெளி வைத்து சரிவக விதியில் போட்டேன். n = 5000-க்கு பூச்சியம்தான் வந்தது. தியரியைவிட எண்ணை நம்பலாமே?" – பொறியியல் துறை

உங்கள் முதல் புள்ளி 0, அடுத்தது 0.1. n = 5000-ல் 0.1 என்ற இடத்தில் மதிப்பு 1000 × e^(−50), அதாவது ஒன்றுமே இல்லை. மேடு முழுக்க அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் ஒளிந்துகொண்டது. அதே கட்டத்தில் n = 50 போட்டுப் பாருங்கள், 0.91 வரும், உண்மை விடைக்குப் பக்கம். n-ஐ ஏற்றும்போது கட்ட இடைவெளியையும் 1/√n-ஐவிட நன்றாகக் குறைக்க வேண்டும். நீங்களும் x-ஐ ஆணி அடித்தவர்தான், பதினோரு ஆணி.

"சீரான ஒருங்கல் இல்லையென்றால் எல்லையையும் தொகையீட்டையும் மாற்றவே கூடாது. எங்கள் கைடில் அப்படித்தான் இருக்கிறது. சரிதானே?" – எம்.எஸ்சி. மாணவி

பாதி சரி. சீரான ஒருங்கல் இருந்தால், f_n-க்கும் f-க்கும் உள்ள மிகப்பெரிய இடைவெளி 0-க்குப் போகும். தொகையீடுகளின் வித்தியாசம் அந்த இடைவெளியை (b − a)-ஆல் பெருக்கியதைத் தாண்டாது. அவ்வளவுதான் நிரூபணம். ஆனால் அது போதுமான நிபந்தனை, தேவையான நிபந்தனை இல்லை. இதைப் பார்க்க ஒரு குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம்:

n^a · x · e^(−n x²), [0,1]-ல், a ஒரு நேர் எண்.

உச்சி எப்போதும் 1/√(2n)-ல்தான். உயரம் சுமார் 0.43 × n^(a − 1/2), பரப்பு சுமார் n^(a − 1)/2. இரண்டு அடுக்கும் வேறு வேறு என்பதைக் கவனியுங்கள். உயரம் 0-க்குப் போக a, 1/2-ஐவிடச் சிறிதாக இருக்க வேண்டும். பரப்பு 0-க்குப் போக a, 1-ஐவிடச் சிறிதாக இருந்தாலே போதும். நடுவில் ஒரு பெரிய நிலம் கிடக்கிறது. a = 3/4, n = 10000 என்று வையுங்கள். உயரம் 4.29, n ஏற ஏற இன்னும் உயரும். பரப்பு 0.05, குறைந்துகொண்டே போகும். சீரான ஒருங்கல் இல்லை, ஏன், வரம்புகூட இல்லை. ஆனாலும் மாற்றலாம்.

அப்புறம் எது காப்பாற்றுகிறது? n-ஐ ஓட விட்டு எல்லா மேடுகளுக்கும் மேலே ஒரே கூரை போடுங்கள். x-ஐப் பிடித்துக்கொண்டு n-ஐப் பொறுத்து உச்சம் கண்டால், n = a/x² என்று வரும். (இங்கே மட்டும் x-ஐப் பிடிக்க அனுமதி!) கூரை ஒரு மாறிலி × x^(1 − 2a). a = 3/4-ல் அது 1/√x மாதிரி, 0 பக்கத்தில் எகிறினாலும் பரப்பு முடிவுள்ளது. a = 1-ல் அது 1/x மாதிரி, பரப்பு முடிவிலி. கூரையின் பரப்பு முடிவுள்ளதாக இருந்தால் மாற்றலாம் என்பதுதான் லெபேக்கின் தேற்றம். இந்தக் குடும்பத்தில் மாற்றம் உடைவதும் கூரை இடிவதும் ஒரே இடத்தில், a = 1-ல். எப்போதும் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தாது.

"x^n-க்கு [0,1]-ல்?"

தொகையீடு 1/(n + 1). சீரான ஒருங்கல் இல்லை, மாற்றலாம், கூரை 1. மேலே படியுங்கள்.

"சீரான ஒருங்கல் இருந்தால் [0, ∞)-லும் கவலையில்லையே?"

கவலைதான். 0 முதல் n வரை 1/n, அப்புறம் 0 என்று ஒரு சார்பு. சீராக 0-க்குப் போகிறது, பரப்பு எப்போதும் 1. மேலே சொன்ன நிரூபணத்தில் (b − a) என்ன ஆகிறது என்று பாருங்கள்.

"வரலாறு கேட்கலாமா? கோஷி 1821-ல் தப்பான தேற்றம் எழுதினார், வையர்ஸ்ட்ராஸ் வந்துதான் திருத்தினார். சரியா?" – ஓய்வுபெற்ற ஆசிரியர்

அவ்வளவு நேர்கோடு இல்லை ஐயா. தொடர்ச்சியான சார்புகளின் ஒருங்கும் தொடரின் கூட்டுத்தொகையும் தொடர்ச்சியானது என்று கோஷி எழுதியது உண்மை. sin x − (sin 2x)/2 + (sin 3x)/3 − … என்ற தொடர் அதற்கு விதிவிலக்கு என்று 1826-ல் ஏபெல் சொன்னார். அது π வரை x/2, π-ல் தடாலென 0. ஆனால் 1853-ல் கோஷியே திரும்பி வந்து நிபந்தனையைத் திருத்தினார். வையர்ஸ்ட்ராஸின் ஆசிரியர் குடர்மான் 1838-லேயே இந்தக் கருத்தைத் தொட்டிருக்கிறார்.

"திருத்தினார் என்பதே தவறு மேடம். 'எல்லா x-க்கும்' என்று கோஷி சொன்னதில் நுண்ணளவான x-களும் சேர்த்தி. அப்படிப் படித்தால் 1821 தேற்றமே சரி." – வேறொரு உறுப்பினர்

இந்த வாதம் எனக்குத் தெரியும், பாதி பிடிக்கும். 1853-ல் அவர் செய்வதைப் பாருங்கள். sin x + (sin 2x)/2 + … என்ற தொடரில் x = 1/n என்று போடுகிறார். x-ஐ n-உடன் சேர்த்து ஓட விடுகிறார்! n-ஆவது உறுப்பிலிருந்து மிச்சத்தைக் கூட்டினால் அது (sin t)/t-ஐ 1 முதல் முடிவிலி வரை தொகையிட்டதற்குப் போகிறது, சுமார் 0.62. பூச்சியம் இல்லை. நான் காலையிலிருந்து கத்துவது இதைத்தான்.

ஆனால் 1821-லேயே அவர் மனதில் இது இருந்தது என்பதற்கு 1853-ஐச் சாட்சிக்கு அழைக்க முடியுமா?

"ஏன் முடியாது? அதே ஆள்தானே."

முப்பத்திரண்டு வருடம் கழித்து அதே ஆள். என் பழைய நோட்டை நானே இப்போது படித்தால் அன்றைக்கு எழுதாததெல்லாம் அதில் தெரிகிறது. நீங்கள் உங்கள் பக்கம் இருங்கள், நான் என் பக்கம்.

"வகைக்கெழுவுக்கும் இதே விதியா?"

இல்லை. sin(n²x)/n சீராக 0-க்குப் போகிறது, x = 0-ல் அதன் வகைக்கெழு n. அதைத் தனியாக ஒரு நாள் பேசலாம்.

"மேடம், n x (1 − x²)^n, [0,1]. x-ஐ ஒரு புள்ளியில் வைத்துப் பார்த்தேன், 0 வருகிறது, அப்போ தொகையீடு…"

n/(2n + 2). ஆணியைப் பிடுங்குங்கள்.