இரண்டு வருஷமும் இருபது பேர் பாஸ்

கேள்வி: எங்க ஊர் அரசுப் பள்ளியோட பத்தாம் வகுப்பு ரிசல்ட் பற்றி பேப்பரில் தப்பா போட்டிருக்காங்க. ஆசிரியருக்குக் கடிதம் எழுதினா போடுவாங்களா? எப்படி எழுதணும்?

போடுவார்கள், சின்னதாக இருந்தால். நீங்கள் பெற்றோர் என்றே எடுத்துக்கொள்கிறேன். பள்ளியில் வேலை பார்ப்பவராக இருந்தால் உங்கள் பெயரில் எழுத வேண்டாம். அரசு ஊழியர் நடத்தை விதிகள் குறுக்கே வரும். எங்கள் தலைமையாசிரியர் வாயைத் திறக்காமல் இருந்ததும் அதனால்தான். கடைசியில் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்த நான் எழுதினேன்.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். "95 சதவீதத்தில் இருந்து 83 ஆகச் சரிவு, பெற்றோர் அதிர்ச்சி" என்று மாவட்டப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது. எந்தப் பெற்றோர் அதிர்ந்தார் என்று இன்று வரை தெரியவில்லை. டீக்கடையில் எல்லாரும் வாத்தியார்களைத் திட்டிக்கொண்டிருந்தபோது நான் தலைமையாசிரியரிடம் போய் இரண்டு வருஷப் பட்டியலையும் வாங்கிப் பார்த்தேன். முந்தைய வருஷம் பெயர் பதிந்தவர்கள் 22, எழுதியவர்கள் 21, பாஸ் 20. இந்த வருஷம் பதிந்தவர்கள் 24, எழுதியவர்கள் 23, பாஸ் அதே 20.

இதில் நிருபர் செய்தது என்ன என்றால், பழைய வருஷத்துக்கு எழுதியவர்களை வைத்து வகுத்த 95-ஐ எடுத்துக்கொண்டார். புது வருஷத்துக்குப் பதிந்தவர்களை வைத்து வகுத்து 83 என்று போட்டுவிட்டார். இரண்டையும் எழுதியவர் கணக்கில் பார்த்தால் 95-ல் இருந்து 87. பதிந்தவர் கணக்கில் பார்த்தால் 91-ல் இருந்து 83. எப்படிப் பார்த்தாலும் இறக்கம் 8 தான், 12 இல்லை. இருபத்துச் சொச்சம் பிள்ளைகள் இருக்கும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே நாலு சதவீதம் போய்விடும் என்பதையும் செய்தி சொல்லவில்லை.

"ஆப்சென்ட் ஆன பையனை மறைக்கப் பார்க்கிறாயா" என்று யாராவது கேட்பீர்கள். இல்லை. நாமினல் ரோலில் பெயர் ஏறிய பிறகு குடும்பத்தோடு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அதுவும் ஒரு தோல்விதான். அதனால்தான் கடிதத்தில் இரண்டு கணக்கையும் வைத்தேன். முன்னால் ஒருவர் தவறினார், இப்போது மூவர் என்பதையும் நானே சொல்லிவிட்டேன். பாதகமானதை நாம் சொல்லாவிட்டால் அவர்கள் அதையே பிடித்துக்கொள்வார்கள்.

குழுவில் இருந்தவர்கள் இன்னும் நிறையச் சேர்க்கச் சொன்னார்கள். முக்கியமாக, அதே செய்தியில் நூறு சதவீதம் என்று புகழப்பட்ட டவுன் தனியார் பள்ளி, ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்பிய பையன்தான் எங்களிடம் தவறிய மூவரில் ஒருவன். எனக்கும் வயிற்றெரிச்சல்தான். ஆனால் டி.சி.யில் "பெற்றோர் விருப்பம்" என்று இருக்கும்போது நான் எதை வைத்து நிரூபிப்பது? விட்டுவிட்டேன்.

கடிதம் இவ்வளவுதான்: "ஐயா, தங்கள் நாளிதழில் இன்ன தேதி, இன்ன பக்கத்தில், இந்தத் தலைப்பில் வந்த செய்தியில் இரண்டு ஆண்டுகளும் வெவ்வேறு அடிப்படையில் ஒப்பிடப்பட்டுள்ளன." அதன் கீழே மேலே சொன்ன ஆறு எண்கள், இரண்டு கணக்கிலும் வரும் சதவீதங்கள், எத்தனை பேர் தவறினார்கள் என்பது. "இரு ஆண்டுகளிலும் 20 பேர் தேர்ச்சி பெற்றுள்ளனர். திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்." பெயர், முகவரி, போன் நம்பர். பட்டியலின் நகலை இணைத்தேன். செய்தி வந்த அன்றைக்கே மெயிலிலும் தபாலிலும் அனுப்பினேன்.

அதே நிருபரைக் கோடை நெல் அறுப்பின்போது போனில் கூப்பிட்டிருக்கிறேன். கொள்முதல் நிலைய வாசலில் மூட்டை நனைந்து முளைவிட்டுக் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சதவீதத்தைப் பார்க்க அவர் வரவில்லை. சரி, அது வேறு கதை.

என் கடிதம் பேப்பரில் வந்தது. சதவீதங்களை வெட்டிவிட்டு ஆறு எண்களை மட்டும் போட்டிருந்தார்கள். படிக்கிறவர்களுக்கு அதுவே சுலபமாக இருந்தது. டீக்கடையில் "அட, ரெண்டு வருஷமும் இருபதுதானா" என்றார்கள். ஆனால் "திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்" என்ற வரியையும் வெட்டிவிட்டார்கள், திருத்தமும் வரவில்லை. வாசகர் கடிதம் வேறு, திருத்தம் வேறு. ஆகவே இரண்டையும் ஒரே தாளில் எழுதாமல் தனித்தனியாக அனுப்புங்கள். திருத்தம் மறுத்தால் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்குப் புகார் போகலாம். அதற்கு முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும், நாளிதழ் என்றால் செய்தி வந்து இரண்டு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். எனவே தபால் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.