மாசக் கூட்டத்துக்குப் பேரு

"காரைக்குடியில ஆடிட்டர், பேங்க் ஆளுங்களுக்கு மாசாமாசம் கூட்டம் போடுறோம், 'செட்டிநாடு நிதித்துறை வல்லுநர் மாதாந்திரக் கருத்தரங்கு'ன்னு பேரு, யார் வாயிலயும் நிக்கல, என்ன வைக்கலாம்?"

'காரைக்குடி நாலாம் சனி'ன்னு வைங்க. ஊரும் நாளும் பேர்லயே இருக்கு, அடுத்தது எப்பன்னு யாரும் கேக்க வேணாம். நாலாம் சனி எப்பவும் 22லேருந்து 28க்குள்ளதான் வரும், அதனால 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி வேலை முடிஞ்சிருக்கும், பேங்குக்கும் அன்னிக்கு லீவு.

இப்ப இருக்குற பேரு யாரு, எதுக்குன்னு எல்லாத்தையும் சொல்லப் பாக்குது, அதான் சிக்கல். அதெல்லாம் அழைப்புல ரெண்டாவது வரியில தலைப்போட போடுங்க.

போன்ல ஒருத்தர்ட்ட பேரை ஒரே தடவை சொல்லி, அவரையே வாட்ஸப்ல டைப் பண்ணி அனுப்பச் சொல்லுங்க. சுருக்கி அனுப்புனா அந்தச் சுருக்கத்தையே வச்சுக்கலாம் (தேவகோட்டைக்காரங்க 'காரைக்குடி'யத்தான் மொதல்ல வெட்டுவாங்க).

ஒண்ணு, நாளை மாத்துற ஐடியா இருந்தா இந்தப் பேரு வேணாம்.